கறி தோசையும் அண்ணா நகரும் ஒரே டைட்டிலில்

கேள்வி: மதுரை அண்ணா நகரில் சின்ன அசைவ ஓட்டல் நடத்துகிறோம். வெப்சைட்டில் மெனு பக்கத்துக்கு டைட்டில் "Menu" என்று மட்டும் இருக்கிறது. கறி தோசை, பன் பரோட்டா, கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு என்று எங்களிடம் நல்ல ஐட்டங்கள் உண்டு. ஐட்டம் பெயரைத் தேடினாலும் வர வேண்டும், ஏரியா பெயரைத் தேடினாலும் வர வேண்டும். மெட்டா டைட்டிலை எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் எழுதி முடித்த வடிவத்தையே காட்டிவிடுகிறேன். Kadai Peyar என்று இருக்கும் இடத்தில் உங்கள் கடைப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
<title>Kari Dosai, Bun Parotta – Anna Nagar Madurai | Kadai Peyar Menu</title>
```

நான்கு ஐட்டம் சொன்னீர்கள், இதில் இரண்டுதான் இருக்கிறது. கடைப் பெயர் கடைசியில் போயிருக்கிறது. மதுரை என்ற சொல்லை விட்டுவிட்டு இன்னொரு ஐட்டம் சேர்க்கலாமே என்றும் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் நாளைக்கு மெனு மாறும்போது டைட்டிலை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மெனு பக்கத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவருக்கு உங்கள் கடை ஏற்கெனவே தெரியும். யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது வாசல் வழியாகப் போகும்போது போர்டைப் பார்த்திருப்பார். அவர் கடைப் பெயரைப் போட்டு, பக்கத்தில் menu என்றோ menu price என்றோ அடிப்பார். இன்னொருவருக்கு உங்கள் கடை தெரியாது. அவருக்குக் கறி தோசை வேண்டும், அண்ணா நகர் பக்கம் இருக்கிறார். kari dosai anna nagar madurai என்று அடிப்பார். மேலே உள்ள டைட்டிலின் முன்பாதி இரண்டாமவருக்கு, பின்பாதி முதலாமவருக்கு. ஐட்டமும் ஏரியாவும் அடுத்தடுத்து நிற்கின்றன, கடைப் பெயரும் மெனு என்ற சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவரவர் அடிக்கிற வரிசை அது. வார்த்தை வரிசைக்காக கூகுள் தனியாக மார்க் போடும் என்பதற்காகச் சொல்லவில்லை. தேடல் முடிவில் பத்து வரிகளைச் சட்டென்று மேய்கிற கண்ணுக்குத் தான் அடித்த சொற்கள் சேர்ந்தாற்போல் தெரிந்தால் விரல் அங்கே போகும், அதுதான் விஷயம்.

கடைப் பெயரைக் கடைசிக்குத் தள்ளலாமா என்று தயங்க வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து மொபைல் தேடலில் டைட்டிலுக்கு மேலே தளத்தின் பெயரை கூகுள் தனியாகக் காட்டுகிறது. பிறகு கம்ப்யூட்டரிலும் அது வந்துவிட்டது. ஆகவே பெயர் முன்னால் இல்லாவிட்டாலும் கடை யாருடையது என்று தெரியும். ஆனால் டைட்டிலை விட்டு அடியோடு எடுத்துவிடாதீர்கள். மதுரையில் ஒரே பெயரில் பல மெஸ்களும் ஓட்டல்களும் இருக்கின்றன. உங்கள் பெயர் அப்படிப்பட்ட பொதுப் பெயராக இருந்தால், பெயரும் அண்ணா நகரும் ஒரே வரியில் இருப்பதுதான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். டெலிவரி ஆப்களில் உங்கள் கடைக்கு இருக்கும் பக்கத்தைத் திறந்து அதன் டைட்டிலைப் பாருங்கள். கடைப் பெயர், ஏரியா, ஊர் என்று மூன்றும் அதில் இருக்கும். உங்கள் சொந்தப் பக்கம் "Menu" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், உங்கள் பெயரைத் தேடி வருகிறவர்கூட முதலில் அந்த ஆப்புக்குத்தான் போவார்.

இனி ஐட்டத் தேர்வு. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இடம் இரண்டுக்குத்தான் இருக்கிறது. டைட்டிலுக்கு இத்தனை எழுத்துதான் என்று கூகுள் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. ஆனால் காட்டும்போது திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டிவிடும். கம்ப்யூட்டரில் சுமார் 600 பிக்சல் வரை தெரியும். ஆங்கில எழுத்தில் இது ஏறக்குறைய 60 எழுத்து. மேலே உள்ள டைட்டில் இடைவெளிகளையும் சேர்த்து 63 எழுத்து. விளிம்பில்தான் நிற்கிறது. கோலா உருண்டையையும் சேர்த்தால் 77 ஆகிவிடும், கடைப் பெயரும் மெனு என்ற சொல்லும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட சொற்களையும் கூகுள் படிக்கத்தான் செய்கிறது, ஆனால் தேடுகிற ஆளுக்குத் தெரியாது. உங்கள் கடைப் பெயர் நீளமானது என்றால் ஒரே ஒரு ஐட்டத்தோடு நிறுத்துங்கள்.

எந்த இரண்டு? கடையில் அதிகம் விற்கிற இரண்டு என்று பதில் சொல்லத் தோன்றும். அது சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களிடம் பிரியாணிதான் அதிகம் விற்கலாம். ஆனால் பிரியாணி வேண்டும் என்கிறவர் biryani near me என்று அடிக்கிறார், கூகுள் மேப்ஸில் பக்கத்தில் இருக்கிற கடைகளைக் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் தொடர்பு, தூரம், கடையின் பெயர்பெற்ற தன்மை என்ற மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தெருவுக்குத் தெரு பிரியாணிக் கடை இருக்கும்போது உங்கள் டைட்டிலில் biryani என்று இருப்பதால் பெரிதாக ஒன்றும் நகராது. இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் இந்த வகைதான்.

டைட்டிலில் இடம் பெற வேண்டியது வேறு மாதிரியான ஐட்டம். அதைப் பெயர் சொல்லித் தேடி வர வேண்டும், எல்லாக் கடையிலும் கிடைக்கக் கூடாது, உங்களிடம் தினமும் கிடைக்க வேண்டும். கறி தோசையும் பன் பரோட்டாவும் மதுரையில் இப்படித்தான் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைச் சாப்பிடுவதற்கென்றே தேடுகிறார்கள். வெறும் kari dosai madurai என்ற தேடலில் பழைய கடைகளும், வீடியோக்களும், "மதுரையில் சாப்பிட வேண்டிய இடங்கள்" வகைக் கட்டுரைகளும் முன்னால் நிற்கும். அதில் உங்கள் மெனு பக்கம் ஏறுவது கடினம். ஆனால் அதோடு anna nagar சேரும்போது போட்டி சட்டென்று குறைந்துவிடுகிறது. தேடுகிறவர்களும் குறைவுதான். ஆனால் அந்தத் தேடலைச் செய்கிறவர் அன்றைக்கு ராத்திரி அண்ணா நகரில் கறி தோசை சாப்பிடப் போகிறவர். உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான்.

அயிரை மீன் குழம்பு நல்ல ஐட்டம், பெயர் சொல்லித் தேடுகிற ஐட்டம். ஆனால் அயிரை தினமும் வருமா? வரத்தைப் பொறுத்து வாரத்தில் சில நாள்தான் வைக்கிறீர்கள் என்றால் டைட்டிலில் போட வேண்டாம். டைட்டிலை நம்பி வந்தவர் "இன்னைக்கு இல்லைங்க" என்று கேட்டுவிட்டுப் போனால் ரிவ்யூவில் ஒரு நட்சத்திரம் போடுவார். அதைப் பக்கத்தின் உள்ளே தனித் தலைப்பாக வைத்து, எந்தெந்தக் கிழமையில் கிடைக்கும் என்று கீழேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்குத் தோன்றுவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிற கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தைச் சேர்த்திருந்தால் Performance பகுதியில் மெனு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து Queries பாருங்கள். எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் இப்போதே அரைகுறையாகத் தலைகாட்டுகிறது என்று தெரியும். கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் கடை தெரிந்தது என்று ஒரு பட்டியல் வரும், அதில் ஐட்டம் பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் காலியாக இருந்தால், போனில் இன்காக்னிட்டோ திறந்து kari dosai m என்று மெதுவாக அடித்து, கீழே என்னென்ன பரிந்துரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரெண்ட்ஸ் இங்கே உதவாது. ஒரு ஊரின் ஒரு ஏரியாவுக்குள் நடக்கிற தேடலுக்குப் போதுமான தரவு இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்லும்.

எழுத்துக்கூட்டல் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். parotta, barotta, porotta என்று ஆளாளுக்கு ஒரு மாதிரி அடிப்பார்கள். இந்த மாதிரி சின்ன வேறுபாடுகளை கூகுள் பெரும்பாலும் ஒன்றாகவே புரிந்துகொள்கிறது, dosa என்பதையும் dosai என்பதையும் அப்படியே. சந்தேகமாக இருந்தால் இரண்டு கூட்டலையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். வருகிற கடைகள் ஏறக்குறைய அதேதான் என்றால் கவலையில்லை, அதிகம் புழங்குகிற ஒன்றை டைட்டிலில் போடுங்கள். kola urundai, kola balls போல ஒரு சொல்லே மாறுகிற இடத்தில்தான் கவனம் வேண்டும். ஒன்று மெனுவில் ஐட்டம் பெயராக இருக்கட்டும், மற்றது அதன் கீழே வருகிற ஒரு வரி விளக்கத்தில் இயல்பாக வரட்டும். டைட்டிலில் இரண்டு கூட்டலையும் அடுக்குவது பார்க்கவே அசிங்கமாக இருக்கும், பயனும் இல்லை.

ஏரியா பெயருக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் மதுரை என்ற சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் சென்னையில் ஓர் அண்ணா நகர் இருக்கிறது, இதைவிடப் பெரியது. இணையத்தில் Anna Nagar என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும். மதுரைக்குள் நின்று தேடுகிறவருக்கு அவர் இருக்கும் இடத்தை வைத்து கூகுள் சரியாகவே காட்டிவிடும். ஆனால் ரயிலில் வந்துகொண்டே தேடுகிறவர், சென்னையிலிருந்து லாட்ஜ் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குத் தேடுகிறவர், இவர்களுக்கெல்லாம் ஊர் பெயர்தான் பிடிமானம். கே.கே. நகரும் அப்படித்தான், சென்னையிலும் திருச்சியிலும் இருக்கிறது. இதே கடை சிம்மக்கல்லிலோ கோரிப்பாளையத்திலோ இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அந்தப் பெயர்களைச் சொன்னாலே மதுரைதான், இடம் போதாவிட்டால் ஊர் பெயரை விட்டுவிட்டு இன்னொரு ஐட்டத்தைச் சேர்க்கலாம்.

பக்கத்து ஏரியாக்களையும் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் தூரமில்லை, கே.கே. நகர் ஒட்டியே இருக்கிறது, ஆகவே எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று. வேண்டாம். இப்படி:

```
<title>Kari Dosai Anna Nagar, KK Nagar, Mattuthavani, Tallakulam, Madurai</title>
```

ஊர்களையும் ஏரியாக்களையும் அடுக்கி வைப்பதை கூகுளின் ஸ்பேம் விதிகள் சொல் திணிப்புக்கு உதாரணமாகவே சொல்கின்றன. விதியை விடுங்கள், இதைப் படிக்கிற ஆளுக்குக் கடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கடை நிற்கிற இடத்தின் பெயர் ஒன்றுதான் டைட்டிலில் வர வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து எப்படி வருவது, எந்தத் தியேட்டருக்கு எதிரே, வண்டி எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் மெனுவுக்குக் கீழே ஒரு சிறு பத்தியாக எழுதுங்கள். அந்த ஏரியா பெயர்கள் அங்கே உண்மையான வேலையோடு வரும். near me என்பதையும் டைட்டிலில் எழுதாதீர்கள். அது தேடுகிறவரின் இடத்தை வைத்து கூகுள் புரிந்துகொள்கிற சொல், நீங்கள் எழுதி வைத்தால் அவர் பக்கத்தில் நீங்கள் வந்துவிட மாட்டீர்கள். Best, No.1 ஆகியவையும் இடத்தைத்தான் தின்னும்.

தமிழ் எழுத்தில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா? தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்கள் ஏராளம். போனில் பேசித் தேடுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்திலேயே போய் விழுகிறது. இரண்டையும் ஒரே டைட்டிலில் போட்டால் இடம் தீர்ந்துவிடும். இதற்கு கூகுளே ஒரு வழிகாட்டுதல் சொல்கிறது: பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் எந்த மொழியிலும் எழுத்திலும் இருக்கிறதோ, டைட்டிலும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டைட்டிலைத் தானே மாற்றிக் காட்டக்கூடும். ஆகவே உங்கள் மெனு பக்கம் ஆங்கில எழுத்தில் இருந்தால் டைட்டிலும் அதிலேயே இருக்கட்டும், ஒவ்வொரு ஐட்டத்தின் பக்கத்திலும் தமிழ்ப் பெயரை எழுதிவிடுங்கள். முழுக்கத் தமிழில் தனியாக ஒரு மெனு பக்கம் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு இப்படி:

```
<title>கறி தோசை, பன் பரோட்டா – அண்ணா நகர், மதுரை | கடைப்பெயர் மெனு</title>
```

தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் ஒன்றுக்கொன்று இணை என்பதை hreflang குறிப்பால் தெரிவிக்க வேண்டும், இதை வெப்சைட் செய்தவரிடம் சொன்னால் போதும். தமிழ் டைட்டிலின் நீளத்தைச் சோதிக்கும்போது மட்டும் கவனம். எழுத்து எண்ணும் கருவிகள் தமிழை நம்மைப் போல எண்ணுவதில்லை. பரோட்டா என்பது நமக்கு நான்கு எழுத்து. அந்தக் கருவிக்குக் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி, ஏழு என்று காட்டும். அதே சமயம் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அகலமானவை. அதனால் எண்ணிக்கையைப் பார்க்காமல், பிக்சல் அகலத்தைக் காட்டுகிற முன்னோட்டக் கருவியில் போட்டு எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சரியாகச் செய்தும், தேடலில் வேறு டைட்டில் தெரியலாம். கூகுள் 2021 ஆகஸ்டில் தன் முறையை மாற்றியது. நீங்கள் title குறியில் எழுதியதோடு, பக்கத்தின் மேலே பெரிதாகத் தெரிகிற தலைப்பையும், மற்ற இடங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு வருகிற இணைப்பின் சொற்களையும் பார்த்து, எது பொருத்தம் என்று அதுவே முடிவு செய்யும். பெரும்பாலும் நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்ளும். எழுதியது ஒன்று, பக்கம் சொல்வது வேறு என்றால்தான் கை வைக்கும். ஓட்டல் தளங்களில் இது நடக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். டைட்டிலில் கறி தோசை, அண்ணா நகர் எல்லாம் இருக்கும். பக்கத்தைத் திறந்தால் மேலே "Our Menu" என்று ஒரு வரி, அதன் கீழே பிரிண்டிங் பிரஸ்ஸில் செய்த மெனு கார்டின் போட்டோ நான்கு. அந்தப் பக்கத்தில் கூகுள் படிக்கக்கூடிய எழுத்தாக Our Menu என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கறி தோசை என்ற சொல்லை டைட்டில் சொல்கிறது, பக்கம் சொல்லவில்லை. பின்பு எப்படி நம்பும்?

அதனால் டைட்டிலை மாற்றுகிற அன்றைக்கே பக்கத்தின் மேல் தலைப்பையும் மாற்றுங்கள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒரே விஷயத்தைச் சொன்னால் போதும்.

```
<h1>Kadai Peyar Menu – Anna Nagar, Madurai</h1>
<h2>Kari Dosai</h2>
<h2>Bun Parotta</h2>
<h2>Kola Urundai</h2>
<h2>Ayirai Meen Kuzhambu</h2>
```

டைட்டிலில் இடம் கிடைக்காத கோலா உருண்டைக்கும் அயிரைக்கும் இதுதான் இடம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் விலை, ஒரு வரி விளக்கம், கிடைக்கிற நேரம். கறி தோசை என்றால் மட்டனா சிக்கனா, மேலே முட்டை உண்டா, சாயங்காலம் எத்தனை மணிக்கு மேல் கிடைக்கும், இதை எழுதுங்கள். டைட்டிலில் வராத ஐட்டமும் பக்கத்தில் எழுத்தாக இருந்தால் தேடலில் வரும். அதுவும் பெயர் அரிதான ஐட்டம் என்றால் டைட்டிலே தேவைப்படாமல் வந்துவிடும். மெனு போட்டோக்கள் அழகாக இருந்தால் அவையும் இருக்கட்டும், எழுத்துக்குக் கீழே.

மெனுவை பிடிஎஃப்பாக வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பிடிஎஃப்புக்கு title குறி கிடையாது. கோப்பின் உள்ளே இருக்கிற Title என்ற பண்பிலிருந்து பெயர் எடுக்கப்படலாம். பிரஸ்ஸில் செய்தவர் அங்கே menu final 2 என்று விட்டிருந்தால், தேடலில் அதுவே தெரிய வாய்ப்புண்டு. மேஜையில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடு திறக்கிற மெனு வேறு ஒரு நிறுவனத்தின் முகவரியில் இருந்தால், அதில் எவ்வளவு எழுதினாலும் உங்கள் தளத்துக்குச் சேராது. க்யூஆர் கோடும் உங்கள் சொந்த மெனு பக்கத்தையே திறக்கும்படி செய்துவிடுங்கள், விலை மாற்றுவதும் ஒரே இடத்தில் முடியும்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால், பக்கத்தின் பெயரை மாற்றுவதும் டைட்டிலை மாற்றுவதும் வேறு வேறு. Yoast, Rank Math போன்ற ஒரு பிளகின் இருக்கும், அதில் SEO title என்ற பெட்டியில் எழுத வேண்டும். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே கடைப் பெயரைத் தானாகச் சேர்க்கிற ஒரு துண்டு இருக்கலாம். அதை அழிக்காமல் நீங்களும் எழுதினால் கடைப் பெயர் இரண்டு முறை வந்து நிற்கும். சேமித்த பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து Ctrl+U அடித்து, `<title>` என்று தேடிப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு முறை, நீங்கள் எழுதியபடியே இருக்க வேண்டும். மெட்டா டிஸ்கிரிப்ஷன் வேறு பெட்டி, அதில் மற்ற ஐட்டங்களையும் நேரத்தையும் சாதாரண வாக்கியமாக எழுதலாம். மெட்டா கீவேர்ட்ஸ் என்று ஒரு பெட்டி இருந்தால் காலியாக விடுங்கள். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். டைட்டிலில் செய்த இதே வேலையை கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடைப் பெயரில் செய்யாதீர்கள். "Kadai Peyar – Kari Dosai Anna Nagar" என்று அங்கே மாற்றிக்கொள்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, அவர்கள் மேலே வருவதைப் பார்த்து நமக்கும் ஆசை வரும். போர்டில் எழுதியிருக்கிற உண்மையான பெயர் மட்டும்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது விதி. யாராவது புகார் கொடுத்தால் பெயரை மாற்றிவிடுவார்கள், கணக்கே முடக்கப்படவும் கூடும். மேப்ஸில் உங்கள் கடையே காணாமல் போவது, டைட்டிலால் வருகிற எந்த லாபத்தையும்விடப் பெரிய நஷ்டம். அங்கே ஐட்டங்களைச் சேர்க்க மெனு என்று தனிப் பகுதியே இருக்கிறது. அதில் நான்கையும் விலையோடு சேருங்கள், மெனு லிங்க் என்ற இடத்தில் உங்கள் மெனு பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். சில சமயம் மேப்ஸ் பட்டியலில் கடைப் பெயருக்குக் கீழே அந்த ஐட்டம் உங்கள் தளத்தில் குறிப்பிடப்பட்டிருப்பதாக ஒரு சின்ன வரி வரும். பக்கத்தில் எழுத்தாக எழுதி வைத்ததன் பலன் அங்கேயும் கிடைக்கும்.

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனிப் பக்கம் போடலாமா என்றால், சொல்வதற்கு விஷயம் இருக்கிற ஐட்டத்துக்கு மட்டும் போடுங்கள். அயிரை மீன் குழம்புக்கு நான் போடுவேன். எந்த நாளில் வரும், முன்கூட்டியே போனில் சொல்லி வைக்கலாமா, பார்சல் எவ்வளவு என்று கேள்விகள் அதற்கு நிறைய. அந்தப் பக்கத்தின் டைட்டிலில் அது ஒன்றே ஐட்டமாக நிற்கும்:

```
<title>Ayirai Meen Kuzhambu – Anna Nagar Madurai | Kadai Peyar</title>
```

தினமும் கிடைக்காத ஐட்டத்தை டைட்டிலில் போட வேண்டாம் என்று முன்பு சொன்னேனே என்றால், இங்கே பக்கத்தின் முதல் வரியே கிழமையைச் சொல்லிவிடுகிறது, ஆகவே ஏமாற்றமில்லை. ஆனால் கறி தோசை அண்ணா நகர், கறி தோசை கே.கே. நகர், கறி தோசை மாட்டுத்தாவணி என்று ஏரியா பெயரை மட்டும் மாற்றி அதே விஷயத்தைப் பத்துப் பக்கமாகப் போடுவது கூகுளின் விதிகளில் தடை செய்யப்பட்டது. சில ஏஜென்சிகள் பேக்கேஜாக இதைத்தான் விற்கிறார்கள், வாங்காதீர்கள். நாளைக்கு பைபாஸ் ரோட்டில் உண்மையாகவே இன்னொரு கிளை திறந்தால் அதற்குத் தனி மெனு பக்கமும் தனி டைட்டிலும் நியாயம்.

மாற்றிய பிறகு சர்ச் கன்சோலில் URL Inspection பெட்டியில் மெனு பக்க முகவரியைப் போட்டு Request Indexing கொடுங்கள். புது டைட்டில் தேடலில் தெரியச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். தெரிகிறதா என்று பார்க்க, site: என்று அடித்து இடைவெளி விடாமல் உங்கள் பக்கத்தின் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். கடையில் உட்கார்ந்துகொண்டு kari dosai anna nagar என்று தேடி, முதலாவதாக வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட வேண்டாம். நீங்கள் அங்கேயே இருப்பதால் கூகுள் உங்களையே காட்டும். சர்ச் கன்சோலில் மாற்றத்துக்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் ஒப்பிடுங்கள். கறி தோசை, பன் பரோட்டா, அண்ணா நகர் என்ற சொற்கள் உள்ள தேடல்களில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்ணிக்கை கூடியிருந்தால் டைட்டிலும் பக்கமும் வேலை செய்கின்றன. காட்டப்பட்டது கூடி கிளிக் கூடவில்லை என்றால், வரிசையில் மிகவும் கீழே இருக்கிறீர்கள், அல்லது டைட்டிலைப் பார்த்தவருக்கு அது உதவவில்லை. சராசரி இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் எது என்று புரியும். மிகச் சிலரே செய்கிற தேடல்களின் சொற்களைச் சர்ச் கன்சோல் மறைத்துவிடும். ஒரு சின்ன கடைக்கு அப்படி மறைவது நிறைய இருக்கும், ஆகவே சொற்பட்டியலின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகாது.

ஒப்பிடுகிற மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்களுடையது அசைவக் கடை. புரட்டாசியில் டைட்டிலை மாற்றிவிட்டு ஆவணியோடு ஒப்பிட்டால் எல்லாம் விழுந்துவிட்டது போலத் தெரியும், நல்ல டைட்டிலைப் பயந்துபோய்த் திரும்ப மாற்றிவிடுவீர்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் மாற்றினால் வெளியூர்க் கூட்டத்தால் எல்லாத் தேடலும் ஏறும், அதை டைட்டிலின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். இந்த இரண்டு காலத்தையும் விட்டு, ஆனி ஆடியிலோ தை மாசியிலோ மாற்றி, மாற்றியதை இரண்டு மாதமாவது தொடாமல் விடுங்கள். தவிர்க்க முடியாமல் அந்தச் சமயத்தில்தான் மாற்ற வேண்டியிருந்தால், முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் சர்ச் கன்சோலில் போன வருடத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். அதில் 16 மாதத் தரவு வரை கிடைக்கும்.